கட்டிய பிரீமியம் திரும்ப வரும் டேர்ம் பாலிசியா, சாதா டேர்ம் எடுத்து மிச்சத்தைச் சேமிப்பதா?

கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் வேலை பார்க்கும் என் தங்கை வீட்டுக்காரர் போன மாதம் இரண்டு தாள்களை என் முன்னால் வைத்தார். முதல் தாள் தெரிந்த ஏஜென்ட் எழுதிக் கொடுத்தது. 50 லட்சம் ரூபாய்க்கு டேர்ம் பாலிசி, அதாவது குறித்த காலத்துக்குள் இறந்தால் குடும்பத்துக்கு அந்தத் தொகையைத் தரும் ஆயுள் காப்பீடு. வருடம் 12,500 ரூபாய் வீதம் 30 வருடம் கட்ட வேண்டும், 60 வயதில் உயிரோடு இருந்தால் கட்டிய பிரீமியம் முழுவதும் திரும்ப வரும். இரண்டாவது தாள் அவரே இணையத்தில் பார்த்துக் குறித்தது. ஒரு கோடி ரூபாய்க்குச் சாதா டேர்ம், வருடம் 12,000 ரூபாய், அதே 30 வருடம், 60 வயதில் ஒன்றும் வராது.

"ஏனுங்க மச்சான், நல்லா இருந்தா ஒரு பைசா வராதுங்கறது மனசுக்கு ஒப்பலீங்க. முப்பது வருசம் கட்டுற காசு சும்மா போறதுங்களா?" என்று கேட்டார்.

டேர்ம் பாலிசி பற்றி என்னிடம் விசாரிக்கும் வாசகர்களில் பெரும்பாலோர் வந்து நிற்கிற இடமும் இதுதான். அதனால் அவருடைய கணக்கையே இங்கே முழுதாகப் போட்டுக் காட்டுகிறேன். வயது 30, சிகரெட் பழக்கம் இல்லை, மாதச் சம்பளம் 40,000 ரூபாய், வீட்டுக் கடனில் இன்னும் 22 லட்சம் பாக்கி, மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. தங்கை வேலைக்குப் போகவில்லை. பிரீமியம் நிறுவனத்துக்கு நிறுவனம், வயதுக்கு வயது, உடல்நிலையைப் பொறுத்து மாறும். எண்கள் மாறினாலும் கணக்குப் போடும் முறை மாறாது. தனிநபர் ஆயுள் பாலிசிகளுக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டுவிட்டதால் இங்கே வரியைச் சேர்க்கவில்லை.

## எதை வைத்து எடை போடுவது

தாள்களைப் பார்ப்பதற்கு முன்னால் நான்கு கேள்விகளை எழுதிக்கொண்டோம். நாளைக்கே அவர் இல்லாமல் போனால் தங்கை கைக்கு எவ்வளவு வரும்? 60 வயதில் அவர் கையில் எவ்வளவு இருக்கும்? நடுவில் கட்ட முடியாமல் போனாலோ, வேண்டாம் என்று தோன்றினாலோ என்ன மிஞ்சும்? கடைசியாக, சேமிப்பதற்கு அவரிடம் எவ்வளவு ஒழுங்கு இருக்கிறது?

இந்த வரிசையை மாற்றக் கூடாது என்பது என் கருத்து. ஏஜென்டின் தாள் இரண்டாவது கேள்வியில் ஆரம்பிக்கிறது. 60 வயதில் வரும் பணத்தைப் பேச ஆரம்பித்தால் முதல் கேள்வி காணாமல் போய்விடுகிறது.

## முதலில் காப்பீட்டுத் தொகை

இரண்டு தாளிலும் வருடப் பிரீமியம் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் பார்த்தவுடன் 'ஒன்றில் பணம் திரும்ப வருகிறது, மற்றதில் வரவில்லை' என்று மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். ஆனால் ஒன்று 50 லட்சம், இன்னொன்று ஒரு கோடி.

அவர் இல்லாத வீட்டை நினைத்துப் பார்ப்போம். வங்கிக் கடன் 22 லட்சத்தை அடைத்துவிட்டால் ஒரு கோடியில் 78 லட்சம் மிஞ்சும். அதை 7 சதவீத வட்டிக்குப் போட்டால் மாதம் 45,500 ரூபாய் வரும். இன்று வருகிற சம்பளத்தை விடச் சற்று அதிகம். 50 லட்சத்தில் கடன் போக மிஞ்சுவது 28 லட்சம், அதே வட்டிக்கு மாதம் 16,300 ரூபாய். சம்பளத்தில் பாதி கூட இல்லை. தங்கை அசலை எடுத்துச் செலவு செய்யத் தொடங்கினால் குழந்தை கல்லூரிக்குப் போகும் காலத்தில் எதுவும் மிஞ்சாது.

பிரீமியம் திரும்ப வரும் பாலிசிகளில் நான் காணும் பெரிய சேதம் இதுதான். பாலிசியில் குற்றம் இல்லை. ஒரே தொகைக்கு அதன் பிரீமியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பதால், கையில் இருக்கும் காசுக்குப் பொருந்தும்படி காப்பீட்டுத் தொகையைப் பாதியாகக் குறைத்துவிடுகிறார்கள். வருடத்துக்கு 12,000 ரூபாய்தான் ஒதுக்க முடியும் என்றால், வீட்டில் கடனும் சிறு குழந்தையும் இருந்தால், மேலே படிக்கவே தேவையில்லை. சாதா டேர்ம்தான்.

மாப்பிள்ளையிடம் கொஞ்சம் தாராளமாகவே ஒதுக்க முடிந்தது. மாதம் 2,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே, வருடத்துக்கு 25,000 வரை சிரமமில்லை என்றார். அப்படியானால் சரியான போட்டி இதுதான். ஒரு பக்கம் ஒரு கோடிக்குப் பிரீமியம் திரும்ப வரும் பாலிசி, வருடம் 25,000. இன்னொரு பக்கம் ஒரு கோடிக்குச் சாதா டேர்ம் 12,000, மிச்சம் 13,000 சேமிப்பு. இரண்டு பக்கமும் காப்பீடும் ஒன்று, பையிலிருந்து போகும் காசும் ஒன்று.

## பிரீமியம் திரும்ப வரும் பாலிசி

வருடம் 25,000 வீதம் 30 வருடம். மொத்தம் 7,50,000 ரூபாய் கட்டி, 60 வயதில் 7,50,000 ரூபாய் வாங்குவார். எல்ஐசி 2023ல் கொண்டுவந்த ஜீவன் கிரண் இந்த வகைதான். தனியார் நிறுவனங்களும் பல பெயர்களில் இதை விற்கின்றன.

'கட்டியது அப்படியே வருகிறது, ஆகவே வட்டி பூஜ்யம்' என்று இதை ஒரே வரியில் தள்ளிவிடுபவர்கள் உண்டு. அந்தக் கணக்கு நியாயமில்லை. 25,000 ரூபாயில் 12,000 ரூபாய் காப்பீட்டுக்கான விலை. சாதா டேர்ம் எடுத்தாலும் அது போகத்தான் போகிறது. கூடுதலாகக் கட்டும் 13,000 ரூபாய்தான் உண்மையில் அவர் போடும் சேமிப்பு. 30 வருடத்தில் அந்தச் சேமிப்பு 3,90,000 ரூபாய், அதற்குக் கிடைப்பது 7,50,000. வட்டியாகப் பார்த்தால் வருடத்துக்குக் கிட்டத்தட்ட 3.9 சதவீதம். காப்பீட்டுத் தொகையோடு ஒப்பிட்டால் பிரீமியம் மிகச் சிறியது என்பதால், இன்றைய விதிப்படி முதிர்வுத் தொகைக்கு வருமான வரியும் இல்லை.

ஆக, பூஜ்யம் இல்லை, 3.9 சதவீதம். 30 வருடத்துக்கு நிறுவனம் எழுதிக் கொடுக்கும் உறுதி. வட்டி விகிதம் ஏறினாலும் இறங்கினாலும் இது மாறாது. இதைச் சொல்லிவிட்டுத்தான் குறைகளுக்குப் போக வேண்டும்.

முதல் குறை, இந்தப் பணம் 60 வயது வரை உயிரோடு இருந்தால் மட்டுமே வரும். 50 வயதில் அவர் இறந்துபோனால் குடும்பத்துக்கு ஒரு கோடி கிடைக்கும். அதுவரை 20 வருடம் கூடுதலாகக் கட்டிய 2,60,000 ரூபாய்க்குத் தனியாக எதுவும் கிடையாது. ஒரு கோடியோடு பிரீமியமும் சேர்ந்து வரும் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். மாப்பிள்ளையும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

இரண்டாவது, 'கட்டியது அத்தனையும்' என்ற சொல்லின் பொருள். பாலிசிப் பத்திரத்தில் 'செலுத்திய மொத்தப் பிரீமியம்' என்பதற்கு ஒரு விளக்கம் இருக்கும். பெரும்பாலான பாலிசிகளில் வரியும், விபத்து, தீவிர நோய் போன்றவற்றுக்காகப் பாலிசியோடு சேர்த்து வாங்கும் ரைடர்களுக்குக் கட்டும் பிரீமியமும், மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு ஏற்றும் கூடுதல் பிரீமியமும் அதில் சேராது. மாதத் தவணையில் கட்டுவதற்காகச் சேர்க்கும் தொகையையும் பல நிறுவனங்கள் கழித்துவிடும். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருப்பவருக்குப் பிரீமியத்தைக் கணிசமாக ஏற்றியிருப்பார்கள். அவர் திரும்பப் பெறுவது ஏற்றுவதற்கு முன்பிருந்த அடிப்படைப் பிரீமியத்தின் கூட்டுத்தொகை மட்டும்தான். கையெழுத்துப் போடும் முன் அந்த ஒரு வரையறையை மட்டுமாவது தேடிப் படித்துவிடுங்கள். பத்திரம் கைக்கு வந்த 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்க உரிமை உண்டு.

மூன்றாவது, விலைவாசி. வருடத்துக்கு 5 சதவீதம் விலை ஏறினால் 30 வருடம் கழித்து வரும் 7,50,000 ரூபாய், இன்றைய 1,74,000 ரூபாய்க்குச் சமம். விலைவாசி சேமிப்பையும் இதே அளவில்தான் அரிக்கும் என்பதால் இது இந்தப் பாலிசிக்கு மட்டுமான குறை இல்லை. ஆனால் 'ஏழரை லட்சம்' என்று காதில் விழும்போது இன்றைய ஏழரை லட்சம்தான் மனதில் ஓடுகிறது.

## சாதா டேர்ம், மிச்சம் 13,000 சேமிப்பு

மிச்சத்தை எங்கே போடுவது என்பதில்தான் ஒப்பீடு நிற்கிறது. பாலிசி தருவது உறுதியான, வரியில்லாத பணம். அதற்கு எதிரே பங்குச் சந்தையை நிறுத்தி 'பார்த்தீர்களா' என்று சொல்வது சரியாகாது. அதே குணம் உள்ள பொது வருங்கால வைப்பு நிதி, அதாவது பிபிஎஃப் கணக்கைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். அரசின் உறுதி, வட்டிக்கு வரி இல்லை. 15 வருடம் முடிந்ததும் ஐந்தைந்து வருடமாக மூன்று முறை நீட்டித்தால் சரியாக 30 வருடம்.

வருடத் தொடக்கத்தில் 13,000 ரூபாய், 7.1 சதவீத வட்டி என்றால் 30 வருட முடிவில் ஏறக்குறைய 13,39,000 ரூபாய். பாலிசி தருவதை விட 5,89,000 அதிகம். பிபிஎஃப் வட்டியை அரசு ஒவ்வொரு காலாண்டும் அறிவிக்கிறது. 2020 ஏப்ரலில் அது 7.9லிருந்து 7.1க்கு இறங்கியது. இனியும் இறங்கலாம். 30 வருடத்துக்கும் சராசரி 6 சதவீதம்தான் என்று வைத்தாலும் 10,89,000 ரூபாய் சேரும்.

நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் அதே 13,000 ரூபாயை வருடத் தொடக்கத்தில் போட்டு, அது வருடம் 10 சதவீதம் வளர்ந்தால் 23,50,000 ரூபாய். ஒரே வருடத்தில் மொத்தமாக விற்றால் 1,25,000க்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5 சதவீத வரி கட்டி, கையில் 21 லட்சத்துச் சொச்சம். இந்த 10 சதவீதத்துக்கு யாரும் உறுதி தர முடியாது என்பதால் முடிவை நான் இதன் மேல் கட்டமாட்டேன்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 30 சதவீத வரி வரம்பில் இருப்பவர் மிச்சத்தை 7 சதவீத எஃப்.டி.யில் போட்டால் வரி போக நிற்பது 4.8 சதவீதம். 30 வருடத்தில் 8,75,000 ரூபாய். பாலிசியை விடக் கூடுதல்தான், ஆனால் இடைவெளி சிறிது. சேமிப்புக் கணக்கிலேயே 3 சதவீதத்தில் கிடந்தால் 6,37,000. அங்கே பாலிசி ஜெயித்துவிடுகிறது. 'மிச்சத்தை முதலீடு செய்' என்ற அறிவுரை, முதலீடு எங்கே என்று சொல்லாதவரை பாதி அறிவுரைதான்.

அவர் 50 வயதில் இறந்துபோனால் என்ற அதே கேள்விக்கு இங்கே பதில் வேறு. குடும்பத்துக்கு ஒரு கோடியும் வரும், பிபிஎஃப்பில் அதுவரை சேர்ந்த 5,77,000 ரூபாயும் நாமினிக்கு வரும்.

## இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்

| எதில் | பிரீமியம் திரும்ப வருவது | சாதா டேர்ம் + பிபிஎஃப் |
|---|---|---|
| வருடச் செலவு | 25,000 | 12,000 + 13,000 |
| நாளைக்கே இறந்தால் | ஒரு கோடி | ஒரு கோடி + கணக்கில் உள்ளது |
| 50 வயதில் இறந்தால் | ஒரு கோடி | ஒரு கோடி + 5.77 லட்சம் |
| 60 வயதில் இருந்தால் | 7.5 லட்சம் | 13.39 லட்சம் (7.1 சதவீதத்தில்) |
| உறுதி | 30 வருடத்துக்கும் எழுத்தில் | வட்டி மாறலாம் |
| ஆறு வருடத்தில் நிறுத்தினால் | குறைந்தது 75,000 அல்லது சுருங்கிய காப்பீடு | காப்பீடு நின்றுபோகும், கணக்கில் 99,800 இருக்கும் |
| தேவைப்படும் ஒழுங்கு | ஒரே பிரீமியம் | இரண்டு வேலை, 30 வருடம் |

வருமான வரிச் சலுகையை இந்த அட்டவணையில் சேர்க்கவில்லை. பழைய வரி முறையில் இருப்பவருக்கு டேர்ம் பிரீமியம், பிபிஎஃப் இரண்டுக்குமே கழிவு உண்டு. புதிய முறையில் இரண்டுக்குமே இல்லை. எந்தப் பக்கமும் சாயாத விஷயம்.

## ஒழுங்கு எவ்வளவு தேவை

ஏஜென்ட்டுகள் சொல்லும் வாதங்களில் எனக்கு மதிப்பு உள்ளது ஒன்றுதான். "சார், மிச்சத்தைச் சேமிப்பேன்னு எல்லாரும் சொல்வாங்க, எத்தனை பேர் செய்றாங்க?" இது உண்மை. 13,000 ரூபாய் தனியாக வந்து நிற்காது. பள்ளிக் கட்டணத்திலும் பைக் ரிப்பேரிலும் கரைந்துவிடும்.

அப்படியானால் எந்த அளவுக்குத் தவறினால் பாலிசி மேல் என்று ஆகும்? இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. மாப்பிள்ளை முதல் பத்து வருடம் மட்டும் 13,000 வீதம் பிபிஎஃப்பில் போட்டுவிட்டு, பிறகு கணக்கு உயிரோடு இருக்க வருடம் 500 ரூபாய் மட்டும் கட்டி, உள்ளே இருப்பதைத் தொடாமல் விட்டால், 60 வயதில் 7,62,000 ரூபாய்க்கு மேல் இருக்கும். பாலிசிக்கு 30 வருடம் கூடுதலாகக் கட்டினால் கிடைப்பதை இங்கே பத்து வருடக் கட்டுதலே தாண்டிவிடுகிறது. ஆரம்ப வருடங்களில் போடும் பணத்துக்குத்தான் வட்டிக்கு வட்டி சேர அதிகக் காலம் கிடைக்கிறது.

அதையே வேறு விதமாகச் சொன்னால், 30 வருடமும் ஒவ்வொரு வருடமும் போட வேண்டியதில் நூற்றுக்கு 56 பங்கு போட்டால் இரண்டும் சமம். 13,000க்குப் பதில் சுமார் 7,300. அதற்கும் கீழே இறங்கக்கூடியவர் என்றால் பாலிசி அவருக்கு நல்லது.

இதை அவரவர்தான் நேர்மையாகச் சொல்லிக்கொள்ள வேண்டும். நான் மாப்பிள்ளையிடம் கேட்டது ஒரே கேள்வி. கடந்த மூன்று நான்கு வருடத்தில் யாரும் கட்டாயப்படுத்தாமல் நீங்களே ஆரம்பித்த ஆர்.டி., சீட்டு, எஸ்ஐபி எதையாவது கடைசி வரை முடித்திருக்கிறீர்களா? தங்கைக்காக நகைச்சீட்டு நான்கு வருடமாக ஒரு மாதம் கூடத் தவறாமல் கட்டிவருகிறார். நான்கு முறை முடித்து நகையாக எடுத்திருக்கிறார். அந்தப் பதிலுக்குப் பிறகு எனக்குச் சந்தேகம் இல்லாமல் போயிற்று.

## நடுவில் நிறுத்த நேர்ந்தால்

முப்பது வருடம் நீண்ட காலம். கம்பெனி மூடலாம், உடம்புக்கு முடியாமல் போகலாம். வருடத் தவணையில் கட்டுபவருக்கு 30 நாள், மாதத் தவணைக்கு 15 நாள் சலுகைக் காலம் உண்டு. அதற்குப் பிறகு சாதா டேர்ம் லாப்ஸ் ஆகிவிடும், கட்டியதில் எதுவும் வராது. ஐந்து வருடத்துக்குள் புதுப்பிக்கலாம், ஆனால் உடல்நிலையைத் திரும்பக் காட்ட வேண்டும்.

இந்த இடத்தில் பிரீமியம் திரும்ப வரும் பாலிசிக்கு ஒரு பலம் இருக்கிறது. குறைந்தது இரண்டு வருடம் கட்டியிருந்தால் பெரும்பாலும் அது முழுதாகச் சாகாது, 'பெய்ட்-அப்' ஆகும். ஆறு வருடம் கட்டி நிறுத்தினால் 30ல் 6 பங்கு, அதாவது 20 லட்சம் ரூபாய்க் காப்பீடு மேற்கொண்டு எதுவும் கட்டாமலே 60 வயது வரை தொடரும். பாலிசியையே முடித்துப் பணம் கேட்டால், அதாவது சரண்டர் செய்தால், நான்கிலிருந்து ஏழாம் வருடத்துக்குள் கட்டிய பிரீமியத்தில் குறைந்தது பாதி தர வேண்டும் என்பது ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. கட்டியது 1,50,000, வருவது குறைந்தது 75,000.

சாதா டேர்ம் பக்கம் அதே ஆறு வருடத்தில் பிபிஎஃப்பில் 99,800 ரூபாய் இருக்கும். அந்தப் பணம் எட்டு வருடப் பிரீமியத்துக்குச் சமம், ஒரு கோடியும் குறையாமல் தொடரலாம் என்று தோன்றும். ஆனால் பிபிஎஃப்பில் நினைத்தபோது எடுக்க முடியாது. ஏழாவது நிதியாண்டில் எடுக்கலாம், அதுவும் முன் நான்காவது ஆண்டு முடிவில் இருந்த இருப்பில் பாதி வரை. இவர் கணக்கில் அது 22,400 ரூபாய் அளவுதான், இரண்டு பிரீமியத்துக்குச் சற்றுக் குறைவு. ஆகவே மிச்சத்தை முழுவதும் பூட்டி வைப்பதற்கு முன், இரண்டு வருடப் பிரீமியத்தை ஆர்.டி.யிலோ எஃப்.டி.யிலோ தனியாக வைத்திருப்பது அவசியம். இந்த ஏற்பாடு இல்லாதவருக்குச் சாதா டேர்ம் ஒரு கெட்ட வருடத்தில் கைவிட்டுப் போகும் ஆபத்து உண்மையானது.

விருப்பப்பட்டு நிறுத்துவது வேறு கதை. 52 வயதில் கடன் தீர்ந்து, பெண்ணுக்கு வேலை கிடைத்துவிட்டால் ஒரு கோடிக் காப்பீடு இனித் தேவையில்லை என்று தோன்றலாம். சாதா டேர்மில் அன்றே பிரீமியத்தை நிறுத்திவிடலாம், எட்டு வருடத்தில் 96,000 ரூபாய் மிச்சம். பிரீமியம் திரும்ப வரும் பாலிசியில் அப்போது நிறுத்தினால் கட்டிய முழுத் தொகை கைக்கு வராது என்பதால், தேவை முடிந்த பிறகும் கடைசி வரை கட்டிக்கொண்டே இருப்பார்கள்.

## எப்போது எது

காப்பீட்டுத் தொகை தேவைக்குக் குறைவாக இருப்பவர், வீட்டுக் கடன் உள்ளவர், பிபிஎஃப் போன்ற வரியில்லாத கணக்கில் இடம் மிச்சம் உள்ளவர், ஏற்கெனவே சேமித்துப் பழகியவர் ஆகியோருக்குச் சாதா டேர்ம். என்னைக் கேட்பவர்களில் பெரும்பாலோர் இந்தப் பட்டியலில்தான் வருகிறார்கள்.

பிரீமியம் திரும்ப வரும் பாலிசி இரண்டு பேருக்குப் பொருந்தும். கையில் காசு தங்கவே தங்காது, ஆனால் பாலிசி பிரீமியத்தை மட்டும் தவறாமல் கட்டுவார் என்று தன்னைப் பற்றித் தெரிந்தவர் ஒருவர். 30 சதவீத வரி கட்டுபவர், பிபிஎஃப்பில் வருடம் 1,50,000 ரூபாய் வரம்பை ஏற்கெனவே நிரப்பிவிட்டவர், சந்தை வேண்டாம் என்பவர் இன்னொருவர். அவருக்கு மிச்சம் போகக்கூடிய இடம் எஃப்.டி.தான், அதில் வரி போக 4.8 சதவீதம். பாலிசியின் விலை நன்றாக அமைந்தால் இதைத் தாண்டிவிடும். இருவருக்குமே நிபந்தனை ஒன்று: தேவையான முழுக் காப்பீட்டுத் தொகைக்கு எடுக்க முடிய வேண்டும்.

நடுவில் மூன்றாவதாக ஒன்றும் விற்கிறார்கள். 'ஜீரோ காஸ்ட்' டேர்ம் என்பார்கள். சாதா டேர்ம் விலையிலேயே கிடைக்கும். பாலிசியில் குறித்த ஒரு காலத்துக்குள் நீங்களாக விலகினால் கட்டியது திரும்ப வரும், அந்த வாய்ப்பைத் தவறவிட்டால் இல்லை. விலை உண்மையிலேயே சாதா டேர்ம் அளவில் இருந்தால் பார்க்கலாம். விலகும் வயதையும் குறைந்தபட்சப் பாலிசிக் காலத்தையும் முதலில் கேளுங்கள்.

## உங்கள் தாளை வைத்துப் பார்க்க

பிரீமியம் திரும்ப வரும் பாலிசியின் விலை சாதா டேர்மை விட எத்தனை மடங்கு என்று பாருங்கள். ஒரே காப்பீட்டுத் தொகை, ஒரே காலம் என்பது முக்கியம். சாதா டேர்முக்கு அதே ஏஜென்டின் விலையை மட்டும் வைக்காமல் இரண்டு மூன்று நிறுவனங்களின் விலையைக் கேட்டு வையுங்கள். 30 வருடப் பாலிசியில் இரண்டரை மடங்கு என்றால் கூடுதல் பணத்துக்கு 3.1 சதவீதம் கிடைக்கிறது. இரண்டு மடங்கு என்றால் 4.2 சதவீதம். 1.6 மடங்குதான் என்றால் 5.7 சதவீதம். வரியில்லாத 5.7 என்பது எஃப்.டி.யில் போடும் 30 சதவீத வரிக்காரருக்கு நல்ல வட்டி, வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.

துல்லியமாக வேண்டும் என்றால் கூகுள் ஷீட்ஸ் அல்லது எக்ஸெல்லில் இரண்டு வரி போதும். முதல் வரி பாலிசி தரும் வட்டியைச் சொல்லும், இரண்டாவது அதே மிச்சம் வேறிடத்தில் எவ்வளவு ஆகும் என்று சொல்லும்.

```
=RATE(30,-13000,0,750000,1)
=FV(7.1%,30,-13000,0,1)
```

30 என்பது வருடம், 13000 என்பது இரண்டு பிரீமியத்துக்கும் உள்ள வித்தியாசம், 750000 என்பது திரும்ப வரும் தொகை. ரைடருக்கும் உடல்நிலைக்கும் ஏற்றிய தொகை திரும்ப வராது என்றால், வித்தியாசத்தில் அதைச் சேர்த்து, திரும்ப வரும் தொகையில் சேர்க்காமல் போடுங்கள். வட்டி சட்டென்று இறங்குவதைப் பார்க்கலாம்.

மாப்பிள்ளை சாதா டேர்ம் ஒரு கோடிக்கு விண்ணப்பித்துவிட்டார். முதல் இரண்டு வருட மிச்சம் ஆர்.டி.யில் சேர்ந்து அவசரப் பிரீமியமாக நிற்கும், அதற்குப் பிறகுதான் பிபிஎஃப்புக்குப் போகும். அதனால் என் அட்டவணையில் உள்ள தொகை அவருக்குக் கொஞ்சம் குறையும், அதைத் தெரிந்தேதான் செய்கிறார். பிபிஎஃப் கணக்கை இப்போதே 500 ரூபாய் போட்டுத் தொடங்கியாயிற்று, 15 வருடக் கணக்கு இந்த நிதியாண்டின் முடிவிலிருந்தே ஓடத் தொடங்கும் என்பதால். தீபாவளி போனஸை அப்படியே நவம்பரில் போட்டுவிடலாமா என்று கேட்டார். ஒவ்வொரு மாதமும் 5ம் தேதி முதல் மாதக் கடைசி வரை உள்ள குறைந்த இருப்புக்குத்தான் வட்டி. ஏப்ரல் 5க்குள் போட்டால் 12 மாத வட்டி, நவம்பர் 5க்குள் போட்டால் 5 மாத வட்டி. வித்தியாசம் வருடத்துக்கு 540 ரூபாய் அளவுதான். ஆனால் நவம்பரில் வந்த காசை அடுத்த ஏப்ரல் வரை வைத்திருந்தால் அந்த 5 மாத வட்டியும் போகும், காசும் கரைந்துவிடும், அதனால் நவம்பரிலேயே போடுங்கள் என்றேன். நவம்பர் என்று முடிவு செய்தார். பாலிசி எண்ணையும் பிபிஎஃப் பாஸ்புக்கையும் எங்கே வைத்திருக்கிறார் என்று தங்கைக்குக் காட்டச் சொல்லியிருக்கிறேன், இரண்டிலும் நாமினி அவள்தான்.